வளையத்துக்குப் பின்னால் ஒரு துண்டு

ட்ராக் பேண்ட் இடுப்பில் நாடா வெளியே வரும் இடத்தில் இரண்டு உலோக வளையங்கள் இருக்கும். வாங்கிய சில மாதங்களில் அதில் ஒன்று துணியை விட்டுக் கழன்று, நாடாவில் மணி மாதிரித் தொங்க ஆரம்பிக்கும். பலரும் வளையத்தைத்தான் குறை சொல்வார்கள். கழன்ற வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வளையாமல், விரியாமல், அடித்த அன்று இருந்தபடியே இருக்கும். அதன் இடுக்கில் நாலு நூல் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். விட்டுப்போனது துணி.

திருப்பூரில் ஐலெட் அடிப்பதை மட்டுமே ஜாப் ஒர்க்காகச் செய்யும் சின்னப் பட்டறைகள் உண்டு. அப்படி ஒன்றில் கால் மிதி அச்சின் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கழன்ற வளையம் ஒன்றைக் காட்டினேன். வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு, பேண்டின் இடுப்பைப் புரட்டி உள்பக்கத்தை விரலால் தடவினார். "ஏனுங்க, பின்னால துண்டே வைக்கலைங்களே. வெறும் பனியன் துணியில அடிச்சா அது எத்தனை நாளைக்குப் பிடிச்சிட்டு இருக்குமுங்க?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் வளையம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

நாம் ஐலெட் என்று ஒரே பெயரில் சொல்வதில் பெரும்பாலும் இரண்டு உருப்படிகள் உண்டு. முதலாவது, அகன்ற விளிம்பும் நடுவில் குட்டையான குழாயும் கொண்ட வளையம். இன்னொன்று தட்டையான வாஷர். துணியில் துளை போட்டு, வெளிப்பக்கத்திலிருந்து குழாயை நுழைத்து, உள்பக்கத்தில் எட்டிப் பார்க்கும் குழாயின் மேல் வாஷரை மாட்டி, மேலிருந்து அச்சால் அழுத்துவார்கள். குழாயின் வாய் ஊமத்தம்பூ மாதிரி விரிந்து, பின் வெளிப்புறமாகச் சுருண்டு, வாஷரின் மேல் படிந்துகொள்ளும். இப்போது விளிம்புக்கும் வாஷருக்கும் நடுவே துணி நசுங்கி நிற்கிறது. பசை, தையல் எதுவும் கிடையாது. அந்த நசுக்கல்தான் முழுப்பிடி. கூடாரம், தார்ப்பாய், பேனர் ஆகியவற்றுக்குப் போடும் பெரிய வளையங்களும் இதே வகைதான். சிலவற்றின் வாஷரில் பல் இருக்கும், அது துணியைக் கடித்துக்கொள்ளும்.

நசுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால், நசுக்கப்படும் பொருள் ஒரே கனத்தில் நிற்க வேண்டும். தோல் நிற்கும். கேன்வாஸ் துணியும் ஜீன்ஸ் துணியும் நிற்கும். பனியன் துணி நிற்காது. அது ஒரே நூல் வளைந்து வளைந்து, கண்ணிக்குள் கண்ணியாகப் பின்னிய துணி. இழுத்தால் கண்ணிகள் நீண்டு துணி மெலிகிறது. மெலிந்த நிமிடத்தில் வளையத்தின் பிடி தளர்ந்துவிடும். அதோடு, துளை போடும்போது கண்ணிகள் அறுபடுகின்றன. அறுந்த கண்ணியைப் பக்கத்துக் கண்ணிதான் பிடித்திருந்தது, பக்கத்துக் கண்ணியை அதற்கடுத்தது. ஒன்று விட்டால் வரிசையாக விட்டுக்கொண்டே போகும். பனியனில் சிறு ஓட்டை விழுந்து, இரண்டு துவையலில் கோடாக நீள்வதைப் பார்க்காதவர்கள் இல்லை.

இழுவை வரும் திசையும் கவனிக்க வேண்டியது. நாடா இடுப்பைச் சுற்றிப் பக்கவாட்டில் வந்து, வளையத்தின் விளிம்பில் மடங்கி முன்னால் வெளியேறுகிறது. ஆகவே முடிச்சுப் போட நாம் இழுக்கும்போது வளையத்தின் சுற்று முழுவதும் ஒரே அளவில் இழுபடுவதில்லை. இடுப்பின் பக்கம் பார்த்த விளிம்பில்தான் பாரம் ஏறுகிறது, வளையம் அந்தப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு சாய்கிறது. கழன்ற வளையங்கள் பலவற்றில் துணி கிழிய ஆரம்பித்த இடம் அதுதான். பேண்ட் புதிதாக இருக்கும்போதே நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தைப் பக்கவாட்டில் பார்த்தால், அது தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

பின்னால் வைக்கும் துண்டு இந்த மூன்றுக்கும் சேர்த்து மருந்து. நசுக்குவதற்கு ஒரு நிலையான கனத்தைத் தருகிறது, அறுந்த கண்ணிகள் ஓடாமல் தடுக்கிறது, ஒரு விளிம்பில் விழும் பாரத்தை அகலமான இடத்துக்குப் பரப்பிவிடுகிறது. ஆனால் எந்தத் துண்டும் இதைச் செய்துவிடாது.

முதல் நிபந்தனை, அது நெய்த துணியாக இருக்க வேண்டும். பாவும் ஊடும் குறுக்கு நெடுக்காக ஓடும் துணி நூலின் திசையில் நீளாது. மேல் துணிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதே பனியன் துணியில் ஒரு துண்டு வெட்டி வைப்பவர்கள் உண்டு. கனம் கொஞ்சம் கூடும், ஆனால் மேல் துணி நீளும்போது அதுவும் கூடவே நீளும், ஆகவே பாதிப் பலன்தான். காகிதம் மாதிரி இருக்கும் நெய்யாத பியூசிங்கும் பலருடைய கைக்கு எளிதில் வருவது. சட்டைப் பட்டிக்கு அது போதும். துளையைச் சுற்றி இழுவை வருகிற இடத்தில் சில துவையலுக்குப் பிறகு பிய்ந்துபோகும். நல்ல தேர்வு, சட்டைக் காலருக்குத் தையல்காரர்கள் வைக்கும் பசை தடவிய நெய்த கேன்வாஸ். அதைவிட மலிவானது, வீட்டில் கிடக்கும் ஜீன்ஸ் துணியின் மெல்லிய துண்டு அல்லது ஒரு அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள பருத்தி ட்வில் டேப்.

இரண்டாவது, அளவு. வளையத்தின் விளிம்புக்கு வெளியே சுற்றிலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டராவது துண்டு நீண்டிருக்க வேண்டும். விளிம்புக்குச் சமமாக வெட்டிய துண்டு எதையும் பரப்பாது. இழுவை துண்டின் ஓரத்தில் போய் நிற்கும், கிழிசல் அங்கே விழும். இரண்டு வளையத்துக்கும் தனித்தனிச் சதுரம் வைப்பதைவிட, இரண்டையும் சேர்த்து ஒரே பட்டையாக வைப்பது எனக்குப் பிடித்த முறை. இடையே உள்ள துணி சுருங்காமல் நிற்கிறது, இரண்டு வளையமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. தனிச் சதுரம்தான் என்றால் நாலு மூலையையும் வட்டமாகக் கத்தரித்துவிடுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். மெல்லிய துணியில் மூலையின் தடம் வெளியே தெரியவும் தெரியும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்காலத்துக்கான ஃப்ளீஸ் துணியின் உள்பக்கம் பஞ்சு மாதிரி கிளப்பிவிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியால் பியூசிங்கை ஒட்டினால், பசை பஞ்சை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறது, அடியிலுள்ள துணியை எட்டுவதே இல்லை. ஒட்டியதும் பார்க்க அருமையாக இருக்கும். நாலைந்து துவையலில் பஞ்சோடு உரிந்து வந்துவிடும். உள்பக்கம் கண்ணி கண்ணியாக இருக்கும் லூப் துணியிலும் பசை கண்ணிகளின் தலையை மட்டும் தொட்டு நிற்கும். இந்த இரண்டு துணியிலும் ஒட்டுவதோடு விடாமல், துண்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு தையலும் போட வேண்டும். வெளியே தையல் தெரியும், தெரியட்டும். விலை உயர்ந்த பேண்டுகளில் வளையத்தைச் சுற்றி ஒரு சின்னக் கட்டத் தையல் இருப்பதைப் பார்த்து அலங்காரம் என்று நினைப்போம். அந்தத் தையல்தான் உள்ளே இருக்கும் துண்டைப் பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்த்துவிடலாம். 280 ஜி.எஸ்.எம். ஃப்ளீஸில் பெரியவர்களுக்கான ட்ராக் பேண்ட், தைத்து முடித்த இடுப்புப் பட்டையின் அகலம் 4 சென்டிமீட்டர், நாடா 5 மில்லிமீட்டர் உருண்டைக் கயிறு. நாடா தாராளமாக ஓட, உள்விட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள வளையம் வேண்டும். நாடாவின் நுனியில் போடும் முடிச்சு இந்த வளையத்துக்குள் நுழையக் கூடாது. அதையும் முன்கூட்டியே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் துவைக்கும்போது நாடா உள்ளே போய்விடும்.

வளையத்தைப் பட்டை மடிப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். நாடா ஓடும் குழல் இரண்டு அடுக்குத் துணியால் ஆனது. வளையம் வெளி அடுக்கில் மட்டும் இருக்க வேண்டும். தைத்து முடித்த பிறகு அடித்தால் இரண்டு அடுக்கும் சேர்ந்து துளைபட்டு, வளையம் உடம்பைப் பார்த்துத் திறந்து நிற்கும். நாடாவுக்குக் குழலுக்குள் வழி இருக்காது.

முன் நடுக்கோட்டைச் சாக்பீஸால் போட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டரை சென்டிமீட்டரில் புள்ளி வைக்கிறோம். உயரத்தில், மடிப்புக் கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர், அதாவது பட்டையின் சரிபாதி. வளையத்தின் விளிம்பு தையல் கோட்டுக்கு மிக அருகே போனால் தையல் மெஷினின் பாதம் உலோகத்தின் மேல் ஏறி நிற்கும், ஊசி உடையும். இந்த அளவில் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம் மிஞ்சுகிறது. பின்புறத்தில் 3 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட நெய்த கேன்வாஸ் பட்டை. நூலின் திசை இடுப்போடு ஓடும்படி வெட்டியது. வளையத்தின் மையத்துக்கு அப்பாலும் இரண்டரை சென்டிமீட்டர் பட்டை நீள்வதைக் கவனியுங்கள், இழுவை வருவது அந்தப் பக்கத்திலிருந்துதானே. இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், எடுத்து எடுத்து வைத்து, ஒவ்வொரு இடத்திலும் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி ஒட்டுகிறோம். சூடு ஆறும்வரை தொடுவதில்லை, ஏனென்றால் பசை இறுகுவது ஆறும்போதுதான். பிறகு ஓரத்தைச் சுற்றித் தையல்.

இனி துளை. உள்விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் குழாயின் வெளிவிட்டம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதே அளவுக்குத் துளை போட்டால் ஆகாது. நாலரை அல்லது 5 மில்லிமீட்டர் பஞ்சால் அடித்து, துணியைக் கொஞ்சம் விரித்துக் குழாயை இறுக்கமாக நுழைக்க வேண்டும். துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு துணி விளிம்புக்கு அடியில் சிக்குகிறது. ஆனால் குழாய் மேல் எழும்பாமல் முழுசாக உட்கார வேண்டும். துணி குழாயின் வாயில் மேலேறி நின்றால், சுருளும்போது அதுவும் மாட்டிக்கொள்ளும்.

வாஷரை மாட்டும்போது புடைத்த பக்கம் நம்மைப் பார்த்தும், குழிந்த பக்கம் துணியைப் பார்த்தும் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் வாஷரின் ஓரம் துணியை விட்டு மேலே தூக்கி நிற்கும், பிடி வராது. மாட்டிய பிறகு குழாய் வாஷருக்கு மேல் ஒன்றரை, அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். குறைந்தால் சுருள்வதற்கு உலோகம் போதாது. கூடினால் சுருளாமல் மடங்கிப் பிளக்கும். நீட்டம் அதிகமாக இருக்கிறது என்றால் துணி அடுக்கு மெல்லியது என்று அர்த்தம், பின்னால் இன்னொரு சிறு துண்டு வைத்துக் கனம் ஏற்ற வேண்டும். வளையம் வாங்கும்போது உள்விட்டத்தை மட்டும் சொல்லி வாங்குகிறோம், குழாயின் உயரத்தைக் கேட்பதில்லை. ஜீன்ஸுக்கான உயரக் குழாய் பனியன் துணிக்கு வந்து சேர்வது இப்படித்தான்.

அச்சு நேராக இறங்க வேண்டும். கால் மிதி அச்சிலும் கை அச்சிலும் அது தானாக நடக்கும். வீட்டில் சுத்தியலால் அடிப்பவர்கள் மேசையில் வைத்து அடிக்கக் கூடாது. மேசை துள்ளும், அடி சாய்ந்து விழும். கல் தரையில், அடி அச்சின் குழியில் வளையத்தின் முகத்தை உட்காரவைத்து, ஒரே ஓங்கலாக இல்லாமல் இரண்டு மூன்று நிதானமான அடி. முதல் அடியில் வாய் விரியும், அடுத்ததில் சுருளும், கடைசி அடி படிய வைக்கும். நடுவில் எடுத்துப் பார்க்கலாம், தவறில்லை.

சரியாக விழுந்ததா என்று தெரிந்துகொள்ள விரல் போதும். வளையத்தை நகத்தால் திருகிப் பாருங்கள். சுற்றினால் பிடி இல்லை. உள்பக்கச் சுருளைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். முள் மாதிரி குத்தினால் குழாய் இதழ் இதழாகப் பிளந்திருக்கிறது, அது நாடாவையும் அறுக்கும், வயிற்றையும் கீறும். காரணம் பெரும்பாலும் நீளமான குழாய் அல்லது அளவு பொருந்தாத அச்சு. வளையத்தைச் சுற்றித் துணி கிண்ணம் மாதிரி குழிந்து சுருங்கியிருந்தால் அடி அதிகம். அப்படி அடித்த இடத்தில் உலோக ஓரமே துணியை வெட்ட ஆரம்பித்திருக்கும். கடைசியாக, நாடாவை மாட்டிப் பலமாக இழுத்துப் பாருங்கள். ஏற்றுமதி ஆடைகளில் இதற்கு இழுவைக் கருவி உண்டு. பொருத்திய உலோகம் 90 நியூட்டன் இழுவையைப் பத்து நொடி தாங்க வேண்டும் என்று கேட்கும் வாங்குநர்கள் உண்டு. கிட்டத்தட்ட ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம். பின்துண்டு இல்லாத பனியன் துணியை இதில் மாட்டினால் வளையத்துக்கு ஒன்றும் ஆகாது, துணிதான் நீண்டு கழலும்.

உலோகத்தையும் கவனிக்க வேண்டும். இரும்பில் மெல்லிய பூச்சு பூசிய வளையம் மலிவு. சுருளும் இடத்தில் பூச்சு வெடித்து, ஈரம் பட்டதும் துரு வெளிவரும். துணியில் செம்பழுப்பு வட்டம் விழுந்தால் போகாது. பித்தளை துருப்பிடிக்காது. வாங்கும்போது சின்னக் காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தால் போதும், ஒட்டினால் இரும்பு. ஏற்றுமதிக் கம்பெனிகள் பித்தளையைக் கேட்பதற்குத் துருவோடு இன்னொரு காரணமும் உண்டு. ஆடைக்குள் உடைந்த ஊசி தங்கியிருக்கிறதா என்று பார்க்க, பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு உருப்படியையும் ஊசி கண்டறியும் மெஷினில் ஓட்டுவார்கள். அந்த மெஷின் இரும்பைக் கண்டால் கத்தும். வளையமே இரும்பாக இருந்தால் எல்லா உருப்படிக்கும் கத்தும், ஊசியைத் தேடவே முடியாது. நிக்கல் பூச்சில் வேறு தொல்லை இருக்கிறது. தோலில் நெடுநேரம் படும் உலோகத்திலிருந்து நிக்கல் கசிவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. நிக்கல் ஒவ்வாத சிலருக்கு ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் அரிப்பு வருவது போல, இடுப்பு வளையத்தாலும் வரலாம்.

ஹூடியின் தொப்பியில் வேலை இதேதான், இரண்டு வித்தியாசம் மட்டும். தொப்பி பெரும்பாலும் இரட்டைத் துணி, வளையம் வெளித் துணியில் மட்டும், அதன் பின்னால் துண்டு. இடம், கழுத்துத் தையலிலிருந்து மூன்று சென்டிமீட்டர் மேலே. இன்னும் கீழே போனால் கழுத்துத் தையலின் தடித்த மடிப்பு வாஷருக்கு அடியில் வந்துவிடும், ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெலிவு என்றாகி வளையம் சாய்ந்து உட்காரும்.

சின்னக் குழந்தைகளின் ஹூடியில் வளையம் இருக்கும், நாடா இருக்காது. பார்ப்பவர்கள் கம்பெனிக்காரர்கள் மிச்சம் பிடித்துவிட்டதாக நினைப்பார்கள். சறுக்குமரத்தின் இடுக்கில் தொப்பி நாடா மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால் ஐரோப்பிய விதியில் ஏழு வயதுக்குக் கீழே தொப்பியிலும் கழுத்திலும் இழுநாடா கூடாது. அமெரிக்காவில் 1990களில் வந்த வழிகாட்டலுக்குப் பிறகு, 2011-இல் குழந்தைகளின் மேலாடைகளில் தொப்பி, கழுத்து நாடாக்களை ஆபத்தான பொருள் என்றே வகைப்படுத்திவிட்டார்கள். அழகுக்காக வளையத்தை மட்டும் விட்டுவைக்கும் வழக்கம் அப்படி வந்தது. நாம் ஊரில் வாங்கும் குழந்தை ஹூடியில் நாடா இருந்தால் உருவி எடுத்துவிடலாம், வளையம் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாத் துணிக்கும் உலோகம் பொருந்தாது. உள்ளாடை மாதிரி மெல்லிய பனியன் துணிக்கும் கைக்குழந்தை உடுப்புக்கும் துண்டு வைத்த காஜாதான் சரி. நிற்கும் வாட்டில், ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாக ஒரு காஜா. தையல்கடையில் நிமிடத்தில் போட்டுத் தருவார்கள். துருவும் கிடையாது, கழலவும் ஒன்றும் இல்லை. பின்துண்டு மட்டும் இதற்கும் வேண்டும், இல்லாவிட்டால் நாடா இழுக்க இழுக்கக் காஜா வாய் பிளந்துவிடும்.

ஏற்கெனவே கழன்றுபோன பேண்டுக்கும் வழி உண்டு. பெரிய வளையமாக வாங்கி அதே ஓட்டையில் அடிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் அறுந்த கண்ணிகளுக்கு மேலேயே மறுபடி நசுக்குகிறோம், அதுவும் கழலும். இடுப்புப் பட்டையின் தையலை முன்பக்கம் ஒரு சாண் பிரித்து, பட்டையை விரித்துக்கொள்ளுங்கள். கிழிந்த இடத்தில் கண்ணிகளை ஊசிநூலால் இழுத்துக் கட்டி, உள்ளே நெய்த துண்டை வைத்து, வெளியேயும் அதே நிறத்திலோ எடுப்பான நிறத்திலோ ஜீன்ஸ் துணிச் சதுரம் ஒன்றை வைத்துச் சுற்றித் தையுங்கள். இப்போது பனியன் துணி இரண்டு நெய்த துணிகளுக்கு நடுவே இருக்கிறது. சமமாகத் தெரிய அடுத்த வளையத்துக்கும் அதே சதுரம். புதிய துளையை அதன் நடுவில் போட்டு வளையத்தை அடித்து, பட்டையை மூடித் தைத்து, நாடாவின் நுனியில் ஊக்கு மாட்டிக் கோர்த்துவிடலாம். அடுக்கு கனமாகிவிட்டதால், இந்த முறை குழாய் ஒரு அளவு உயரமானதாக வாங்க வேண்டியிருக்கும்.